குளத்தைக் குடித்த பூதத்தின் குரல்

நீரோடைக் கரையில் ஒரு பெரிய மருதமரம் விழுந்து கிடந்தது. அதன் வயிறு முழுக்கப் பொந்து. அந்தப் பொந்துக்குள்தான் காட்டின் நூலகம் இருந்தது. ஓலைச் சுவடிகள், பட்டைச் சுருள்கள், காய்ந்த தேக்கிலையில் கீறிய படக்கதைகள் என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டது ஓர் அலங்கு என்ற எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், நீண்ட நாக்கு. கறையானைக் கண்டால் விடாது. அதனால் அந்த நூலகத்தில் ஓர் ஓலைகூட அரிபட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் அங்கே கதை நேரம். கதை சொல்வது கரிச்சான் குருவி. உடம்பு கரி நிறம், வால் கத்திரி மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும்.

கரிச்சானிடம் ஒரு வித்தை உண்டு. எந்தக் குரலைக் கேட்டாலும் அதை அப்படியே எடுத்துத் தொண்டையில் வைத்துக்கொள்ளும். பருந்து போலக் கத்தினால் கோழிகள் ஓடி ஒளியும். அணில் போலக் கீச்சிட்டால் அணிலே திரும்பிப் பார்க்கும். கரிச்சானுக்கென்று ஒரு சொந்தக் குரலும் இருந்தது. அது மெலிசான, கொஞ்சம் கரகரத்த குரல். அதை அது வெளியே எடுப்பதே இல்லை.

கதை நேரத்துக்குக் கரிச்சான் பார்த்துப் பார்த்துத் தயார் செய்யும். உயரமான கிளையில் உட்காராது. குழந்தைகளின் கண் மட்டத்துக்கு இறங்கி, மருதமரத்தின் ஒடிந்த கொம்பில் உட்காரும். வெயில் குழந்தைகளின் முதுகில் விழ வேண்டும், கண்ணில் விழக்கூடாது. முயல்களும் முயலளவே இருக்கும் சருகுமான்களும் முன்வரிசை. புள்ளிமான் குட்டிகள் பின்வரிசை. மந்திக் குட்டிகள் ஓரத்தில். நடுவில் விட்டால் அதுகளின் வால் சும்மா இருக்காது!

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் எல்லாரையும் உட்கார வைத்தது.

"கதை வேணுமா?"

"வேணும்!"

"உம் கொட்டுவீங்களா?"

"கொட்டுவோம்!"

"தூங்கிட்டா?"

"எழுப்பி விடுவோம்!" என்று கத்திய மந்திக் குட்டி பக்கத்தில் இருந்ததை ஒரு கிள்ளு கிள்ளியது.

முன்வரிசையில், முயல்களுக்கு நடுவே ஒரு கரடிக்குட்டி உட்கார்ந்திருந்தது. பெயர் இலுப்பை. பருமனான உடம்பு, பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். ஆனால் அது வாராவாரம் முன்னாலேயே வந்து உட்காரும். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக்கூடாது என்று தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக் கேட்கும். அவ்வளவு ஆசை!

"இன்னிக்கு, குளத்தைக் குடிச்ச பூதத்தோட கதை" என்றது கரிச்சான். "ஒரு ஊர்ல ஒரு பூதம். அதுக்குப் பேராசை. ஊர்க் குளத்தை ஒரே மூச்சுல குடிச்சிட்டு, வாயை இறுக மூடிட்டு உக்காந்துருச்சு. யாரு வந்து தண்ணி கேட்டாலும் ஒரே பதில்தான். அந்தப் பதிலை நீங்கதான் சொல்லணும்."

கரிச்சான் முதலில் தனியாகச் சொல்லிக் காட்டியது.

"தர மாட்டேன்! தர மாட்டேன்! சொட்டுக்கூடத் தர மாட்டேன்!"

இரண்டாம் முறை குழந்தைகளோடு சேர்ந்து சொன்னது. மூன்றாம் முறை அலகை மூடிக்கொண்டு, வாலை மட்டும் அகல விரித்தது. வால் விரிந்தால் நம் முறை என்று குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது. தாமாகவே சொன்னார்கள். 'சொட்டுக்கூட' என்ற இடத்தில் தரையை ஒரு தட்டு தட்ட வேண்டும் என்பதையும் பழகிக்கொண்டார்கள்.

கதை தொடங்கியது.

"முதல்ல ஒரு முயல் போச்சு."

"ம்..."

கரிச்சான் இடப்பக்கம் தலையைத் திருப்பியது. மூக்கு நுனியில் பேசியது. "பூதமே, பூதமே, என் குட்டிக்கு ஒரு வாய் தண்ணி கொடேன்!" முயலின் குரல் அச்சு அசலாக வந்தது. முன்வரிசை முயல்கள் காதை நிமிர்த்தின.

இப்போது வலப்பக்கம் திருப்ப வேண்டும். பூதம் பேச வேண்டும். கரிச்சான் நெஞ்சை உப்பிக்கொண்டு கனத்த குரலில், "யா...ரு...டா?" என்றது.

வால் விரிந்தது. குழந்தைகள் தயங்கினார்கள். நாலைந்து பேர் மட்டும் முனகினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கீரிக்குட்டி எழுந்து நின்றது.

"மாமா, இது பூதமா? சளி பிடிச்ச தவளை மாதிரில்ல இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மந்திக் குட்டிகள் கீழே விழுந்து உருண்டன. கதைக்காக வந்த சிரிப்பு இல்லை அது, கரிச்சானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

இப்படி யாராவது குறுக்கே பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று கரிச்சானுக்குத் தெரியும். 'ஆமாடா, பூதத்துக்குச் சளிதான். ஒரு குளத்தைக் குடிச்சா சளி பிடிக்காதா?' என்று அதையும் கதைக்குள் இழுத்துப் போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறது. அன்று ஏனோ ரோஷம் வந்துவிட்டது. இந்தக் காட்டிலேயே குரல் எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த கரிச்சான் அது!

"அடுத்து ஒரு புள்ளிமான் போச்சு" என்று கதையை நகர்த்தியது. மான் தண்ணீர் கேட்டது. கரிச்சான் வலப்பக்கம் திரும்பியது. தொண்டைக்குள் துழாவியது. சிக்கியது ஒரு குரல்.

"யா...ரு...ங்க... உஸ்ஸ்ஸ்!"

இழுத்து இழுத்துப் பேசும் குரல். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் காற்று ஒழுகும். சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வரும்.

குழந்தைகள் அசந்துபோனார்கள்.  வால் விரிந்தது.

"தர மாட்டேன்! தர மாட்டேன்! சொட்டுக்கூடத் தர மாட்டேன்!"

தரை அதிர்ந்தது. கீரிக்குட்டி எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியது. அதையும் மிஞ்சிய ஒரு சத்தம் முன்வரிசையிலிருந்து வந்தது. இலுப்பை! படுத்திருந்த குட்டி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை அறைந்து அறைந்து கத்தியது.

அந்தக் குரல் யாருடையது என்று கரிச்சானுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டது.

பிறகு கதை தானாகவே ஓடியது. மானுக்குப் பின் யானை. யானைக்குப் பின் ஒரு கட்டெறும்பு. எறும்பு மட்டும் ஒன்றைக் கவனித்துவிட்டது. பூதம் 'தர மாட்டேன்' என்று சொல்வதற்கு வாயைத் திறக்கிறது! திறக்கும்போதெல்லாம் வாயோரம் கொஞ்சம் தண்ணீர் ஒழுகுகிறது!

கரிச்சான் குரலைத் தாழ்த்தியது. காதோடு காதாகப் பேசுவதுபோல் சொன்னது. குழந்தைகள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள்.

"எறும்பு என்ன பண்ணிச்சு தெரியுமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தது. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது கரிச்சானின் வழக்கம்.

"கடிச்சிச்சு!" என்றது சருகுமான் குட்டி.

"அழுதுச்சு!" என்றது ஒரு முயல்.

"இல்ல இல்ல! இன்னும் சத்தமாச் சொல்லச் சொல்லுச்சு!" என்று இலுப்பை கத்தியது.

"அதேதான்! 'பூதமே, எனக்குக் காது சின்னது. கேக்கல, சத்தமாச் சொல்லு!' அப்படின்னுச்சு எறும்பு. பூதம் என்ன சொல்லிச்சு? யா...ரு...ங்க... உஸ்ஸ்ஸ்!"

"தர மாட்டேன்! தர மாட்டேன்!"

"கேக்கல!"

"தர மாட்டேன்! தர மாட்டேன்!"

"இன்னும் கேக்கல! உஸ்ஸ்ஸ்!"

"சொட்டுக்கூடத் தர மாட்டேன்!"

பூதத்தின் வாய் முழுக்கத் திறந்தது. தண்ணீரெல்லாம் வெளியே கொட்டியது. குளம் நிறைந்தது. வெளியே வந்த தண்ணீரைப் பூதத்தால் திரும்ப விழுங்க முடியவில்லை. கதை முடிந்தது. மந்திகள் வாலால் மரத்தில் அடித்துக் கொண்டாடின.

கரிச்சான் மூச்சு வாங்கியது. இவ்வளவு நன்றாக ஒரு கதை அமைந்து எத்தனையோ நாளாயிற்று! அலங்கு அந்தக் கதை எழுதிய ஓலையை எடுத்து வந்து, "யாருக்கு இது வேணும்? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம்" என்று காட்டியது. பத்து கைகள் உயர்ந்தன. இலுப்பை முந்திக்கொண்டு ஓலையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டது.

அப்போது ஓடையின் அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இலுப்பை... உஸ்ஸ்ஸ்! நேரமாச்சு... வாம்மா... உஸ்ஸ்ஸ்!"

இலுப்பையின் அம்மா. போன வருஷம் கறையான் புற்றைத் தோண்டும்போது பாறை உருண்டு அதன் தாடையில் விழுந்தது. பற்கள் போயின. உதடு கிழிந்து கோணலாக ஒட்டியது. அன்றிலிருந்து அதன் பேச்சில் காற்று ஒழுகும்.

குழந்தைகள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். இழுத்து வந்த குரலும், கடைசியில் வந்த சீழ்க்கையும் அவர்களுக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தன. அந்தக் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து பழகியிருந்தார்கள். கதை இன்னும் முடியவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள்.

"தர மாட்டேன்! தர மாட்டேன்! சொட்டுக்கூடத் தர மாட்டேன்!"

தரையைத் தட்டத் தவறவில்லை. இலுப்பையும் கத்தியது. பழக்கத்தில் வாய் முந்திவிட்டது. பாதியில் அதன் வாய் அப்படியே நின்றது.

ஓடையில் இறங்கி வந்த தாய்க் கரடி நடுவில் நின்றுவிட்டது. காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது குழந்தைகளைப் பார்த்தது. தன் மகளைப் பார்த்தது. கடைசியில் ஒடிந்த கொம்பில் உட்கார்ந்திருந்த கரிச்சானைப் பார்த்தது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றது.

அந்த வாக்கியத்திலும் கடைசியில் காற்று ஒழுகியது. யாரோ ஒரு குட்டி களுக்கென்று சிரித்தது.

இலுப்பை ஓலையைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் பின்னால் போனது.

குழந்தைகள் கலைந்ததும் அலங்கு கேட்டது.

"அந்தப் பூதக் குரலை எங்க இருந்துய்யா எடுத்தீர்?"

"எங்க இருந்தும் எடுக்கல. சும்மா வந்துச்சு" என்றது கரிச்சான்.

"சும்மாவா?"

"ஆமா. என் தொண்டைதானே!"

 அலங்கு கீழே கிடந்த ஓலையை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு அடுக்கில் வைத்தது.  செய்தது ஒன்று. அதை மறைக்கச் சொன்னது இன்னொன்று. இப்போது இரண்டும் சேர்ந்து கரிச்சானுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டன.

திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் சீக்கிரம் மறக்காது. கதைசொல்லிகள் அதற்காகத்தான் அதைக் கதையில் வைக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க அது காட்டைச் சுற்றி வந்தது. மந்திகள் மரத்துக்கு மரம் தாவும்போது சொல்லின. முயல்கள் நொண்டி விளையாடும்போது சொல்லின. சும்மா சொன்னாலும் பரவாயில்லை. ஒருவர் "உஸ்ஸ்ஸ்!" என்று தொடங்கி வைத்தார், மற்றவர்கள் முடித்தார்கள்.

தாய்க் கரடி தண்ணீர் குடிக்கப் போனபோது புதருக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த குட்டிகளிடமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. மூன்றாம் நாளிலிருந்து அது யாரும் வராத உச்சிவெயிலில் தண்ணீருக்குப் போனது. யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டது. கரிச்சான் எல்லாவற்றையும் மரத்தின் மேலிருந்து பார்த்தது. இறங்கத்தான் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது. குழந்தைகள் முன்னைவிடக் கூட்டமாக வந்தார்கள். இலுப்பை மட்டும் வரவில்லை. முன்வரிசையில் அது படுத்திருக்கும் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

கரிச்சான் ஓர் உபாயம் செய்தது. அதே கதையை வேறு குரலில் சொல்லிவிட்டால்? புதுக் குரல் பழைய குரலை அழித்துவிடாதா?

"பூதம் சொல்லிச்சு... யாரங்கே!" என்று யானைக் குரலில் முழங்கியது.

"அது இல்ல!" என்று குழந்தைகள் ஒரே குரலில் மறுத்தார்கள்.

"பூதம் அப்படிப் பேசாது மாமா!" என்றது கீரிக்குட்டி. "உங்களுக்கு மறந்துபோச்சா? நாங்க சொல்லித் தர்றோம். உஸ்ஸ்ஸ்!"

"தர மாட்டேன்! தர மாட்டேன்!"

கரிச்சான் வாலை விரிக்கவே இல்லை. இனி அதற்குத் தேவையும் இல்லை. கதையைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"போதும்! இனிமே யாரும் அந்தச் சத்தத்தைப் போடக்கூடாது!" என்று கரிச்சான் அதட்டியது.

"ஏன் மாமா?"

கரிச்சான் முகத்தை ஓலை அடுக்கின் பக்கம் திருப்பிக்கொண்டது. காரணம் சொல்லாமல் தடுத்தால் குழந்தைகள் என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு போனார்கள். கூடாது என்றதும் ருசி கூடிவிட்டது.

அன்று மதியம் கரிச்சான் கரடியின் குகைக்குப் போனது. வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "அக்கா" என்று கூப்பிட்டது.

தாய்க் கரடி வெளியே வந்தது. 

"என்னை மன்னிச்சிருங்க அக்கா. அது உங்க குரல்தான். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

 கரடி மெதுவாகப் பேசியது.

"என்னைக் கேலி பண்ணினது எங்க?"

"நூலகத்துல."

"எத்தனை பேர் முன்னாடி?"

"முப்பது பேர் இருக்கும்."

"இங்க எத்தனை பேர் இருக்காங்க?"

கரிச்சான் சுற்றிலும் பார்த்தது. ஒருவரும் இல்லை. அது தலையைத் தொங்கப்போட்டது.

"என் தாடை உடைஞ்சதுக்கு நான் அழல" என்றது கரடி. "என் குரல் இப்படி ஆனதுக்கும் அழல. நான் கூப்பிட்டா என் மக ஓடி வந்தா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இப்ப ஏழு நாளா நான் கூப்பிட்டா அவ வாயே திறக்கிறதில்ல. அதனால நானும் கூப்பிடறத விட்டுட்டேன். கல்லைத் தட்டிக் கூப்பிடறேன். சத்தம் கேட்டா வரா. சாப்பிடறா. மூலையில போய்ச் சுருண்டுக்கறா."

"இலுப்பைக்கு உங்க மேல கோபமா?"

உள்ளே இருட்டிலிருந்து குட்டியின் பதில் வந்தது. 

"எனக்கு அம்மா மேல கோபம் இல்ல. நான்தான் எல்லாரையும் விட சத்தமாக் கத்தினேன். எங்கம்மா குரல்னு எனக்கே தெரியல! அம்மா கூப்பிட்டா நான் எந்த வாயால பதில் சொல்றது?"

கரிச்சானுக்கு நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. தனக்கு வர வேண்டிய வெட்கம் இந்தக் குட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே! கரடி தன்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

"சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன் அக்கா."

"சொல்லு, சொல்லாமப் போ. நாங்க வருவோம்னு மட்டும் நினைக்காதே" என்றுவிட்டு, கரடி உள்ளே போய்விட்டது.

மூன்றாவது சனிக்கிழமை. வெயில் குழந்தைகளின் முதுகில் விழுந்தது. முயல்கள் முன்னால், மான்கள் பின்னால். அலங்கு ஓலை அடுக்கின் பக்கத்தில் நின்றது.

"கதை வேணுமா?" என்றது கரிச்சான்.

குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது எந்தக் குரல்? மெலிசாக, கொஞ்சம் கரகரத்து... அவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

"மாமா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றது கீரிக்குட்டி.

"இல்லடா. இதான் என் குரல்."

"ஐய! இதுவா?"

இந்த முறை கரிச்சானுக்கு ரோஷம் வரவில்லை.

"ஒரு காட்டுல ஒரு கரிச்சான் இருந்துச்சு."

"ம்..."

"அது எல்லார் குரலையும் எடுக்கும். கேட்டு எடுக்காது. கேக்காமலே எடுக்கும்."

"ம்..."

"ஒருநாள் அது கதை சொல்லிச்சு. குழந்தைங்க அதைப் பாத்துச் சிரிச்சாங்க. அதுக்குப் பொறுக்கல. அந்தச் சிரிப்பை வேற யார் மேலயாவது திருப்பி விடணும்னு நினைச்சுது. ஒரு அம்மா இருந்தாங்க. பாறை விழுந்து அவங்க தாடை உடைஞ்சிருந்துச்சு. பேசினா காத்து போகும். அந்தக் குரலை எடுத்து, அந்தக் கரிச்சான் பூதத்துக்குக் குடுத்துச்சு."

உம் வரவில்லை.

கரிச்சான் காத்திருந்தது. எப்போதும் காத்திருப்பது போலத்தான் காத்திருந்தது. ஒரு குழந்தையும் உம் கொட்டவில்லை. கதை நேரத்தில் அப்படி ஓர் அமைதி அந்த மரப்பொந்துக்கு முன் வந்ததே இல்லை. பறந்து போய்விடலாமா என்று இறக்கை துடித்தது. கொம்பை இறுகப் பற்றிக்கொண்டது.

"யாரோட அம்மா?" என்று கீரிக்குட்டி மெதுவாகக் கேட்டது. பதில் அதற்கே தெரிந்துவிட்டது.

"இலுப்பையோட அம்மா."

"அப்ப... நாங்க தண்ணித் துறையில கத்தினது..."

"ஆமா."

ஒரு சருகுமான் குட்டி விசும்பத் தொடங்கியது. மந்திக் குட்டிகள் வாலை மடியில் சுருட்டிக்கொண்டன.

"நீங்க அழக்கூடாது" என்றது கரிச்சான். "உங்களுக்குத் தெரியாது. இலுப்பைக்கும் தெரியாது. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வாலை விரிச்சு உங்களைக் கத்த வெச்சது நான். அலங்கு அக்கா கேட்டப்ப 'சும்மா வந்துச்சு'ன்னு பொய் சொன்னதும் நான். போன வாரம் காரணம் சொல்லாம உங்களை அதட்டினதும் நான்தான். இதுல வெட்கப்பட வேண்டியது நான் மட்டும்தான்."

"நீங்க ஏன் மாமா அப்படிச் செஞ்சீங்க? உங்களுக்கு எவ்வளவு குரல் தெரியும்!" என்றது ஒரு முயல்குட்டி.

"நீங்க கைதட்டணும்னு செஞ்சேன்."

கரிச்சான் வாலை ஒடுக்கிக்கொண்டது. 

டொக். டொக். டொக்.

ஓடைக்கு அக்கரையில் யாரோ கல்லைத் தட்டினார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டினார்கள். தாய்க் கரடிதான். அது இங்கும் அங்கும் நடந்து, புதர்களை விலக்கிப் பார்த்து, இன்னும் வேகமாகத் தட்டியது. மகளைக் காணோம்! கல் சத்தம் ஓடைச் சத்தத்தில் கரைந்துபோனது. கடைசியில் கரடி கல்லைக் கீழே போட்டது.

"இலுப்பை... உஸ்ஸ்ஸ்! எங்கம்மா இருக்கே... உஸ்ஸ்ஸ்!"

முப்பது தலைகள் திரும்பின.

 குழந்தைகளின் வாய் திறப்பதைக் கரிச்சான் பார்த்தது. பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. திறந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கடைசி வரிசையில் கீரிக்குட்டி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. ரொம்பச் சின்ன முயல் ஒன்று மட்டும், எதுவும் புரியாமல், "தர மாட்..." என்று தொடங்கியது. அதன் அக்கா சட்டென்று அதை மடியில் இழுத்துக்கொண்டது.

அந்தப் பாதிச் சொல் ஓடைவரை போயிருக்கும். கரடி நின்றது. கரிச்சான் கண்ணை மூடிக்கொண்டது.



மருதமரத்தின் வேர்ப்பக்கம் சருகு சலசலத்தது. அங்கே ஒரு கறுப்பு உருவம், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. யாருக்கும் தெரியாமல் வந்து, கரிச்சான் சொன்னதை எல்லாம் அது கேட்டிருக்கிறது. எழுந்து நின்று உடம்பை ஒரு தரம் உதறியது.

"இதோ இருக்கேம்மா!"

காடே திரும்பிப் பார்க்கிற சத்தம்! அந்த ஒரு சத்தத்துக்காக இரண்டு வாரமாகக் காத்திருந்த தாய், தண்ணீர் தெறிக்க ஓடையில் இறங்கியது. குட்டி கூட்டத்தின் நடுவே புகுந்து, முயல்களைத் தாண்டி, கரிச்சானைத் தாண்டி, ஓடியது. கரிச்சானை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என்னம்மா, சொல்லாம வந்துட்டே?"

"கூப்பிடும்மா. இன்னொரு தரம் கூப்பிடு."

"இலுப்பை... உஸ்ஸ்ஸ்."

"என்னம்மா!"

இரண்டும் அக்கரை ஏறிப் போயின. குழந்தைகள் சத்தமில்லாமல் எழுந்தார்கள். அன்று யாரும் ஓலை வாங்கவில்லை. கீரிக்குட்டி மட்டும் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, "மாமா, நாங்க போய் அவங்ககிட்ட சொல்லணுமா?" என்று கேட்டது.

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றது கரிச்சான்.

கீரிக்குட்டி யோசித்தது. பிறகு ஓடைப் பக்கமாக ஓடியது. இரண்டு மந்திகள் அதன் பின்னால் போயின.

அலங்கு கடைசியில் கேட்டது. "அடுத்த வாரம் வருவீரா?"

"அந்த அம்மா வரலாம்னு சொன்னா வர்றேன்."

"சொல்லலைன்னா?"

"இங்கதான் எங்கயாவது இருப்பேன். ஓலையைத் தூசி தட்டறேன்."

கரிச்சான் ஒடிந்த கொம்பிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. வெகுநேரம் வரை அது தலையை நிமிர்த்தவில்லை.

பலர் நடுவே ஒருவரை நகைப்புக்கு ஆளாக்கியவர், அந்தப் பலர் நடுவே நின்றுதான் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.